தண்டனைக்கு முன் பாதிக்கப்பட்டவர் பேசலாமா? சட்டத்தரணியின் பதில்கள்

பொகவந்தலாவை வாசகி: பக்கத்து லயத்துக்காரன் கவ்வாத்துக் கத்தியால் வெட்டியதில் அக்காவுக்கு வலது கை விரல்கள் மடங்குவதில்லை. அவன் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. பொலிஸில்தான் வாக்குமூலம் கொடுத்தாச்சே, தண்டனைக்கு முன் இன்னும் என்ன எழுதிக் கொடுக்க?

அதில் அவர் சொன்னது அன்று நடந்தது. இப்போது சொல்ல வேண்டியது அதன்பிறகு அவர் பிழைப்பு என்ன ஆனது என்பது. குற்றவாளி என்று கண்டபின், தண்டனையைத் தீர்மானிக்கும் முன், உடல், மனம், தொழில், வருமானம் எப்படிப் பாதிக்கப்பட்டன என்று நீதிமன்றத்துக்குச் சொல்லும் உரிமையை, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் தந்தது. அதன் இடத்தில் இப்போது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

"வாழ்க்கையே நாசமாச்சு" என்று எழுதினால் நீதிபதிக்கு ஒன்றும் விளங்காது. முன்பு முழுநாள் சம்பளமான முழுப்பேர் வாங்கியவர் இப்போது கொழுந்து எடுக்க முடியாமல் அரைப்பேரோடு வருகிறார் என்றால் விளங்கும். வெட்டுக்கு முந்திய, பிந்திய சம்பளத் துண்டுகளையும் கிளினிக் கொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள். "முன்பும் அடித்திருக்கிறான்" என்று புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டாம். விசாரிக்கப்படாத அந்தக் குற்றச்சாட்டை எதிரியின் சட்டத்தரணி பிடித்துக்கொண்டால், கையைப் பற்றிச் சொன்னதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

ஹட்டன் மாணவர்: அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதைத் தடை செய்துவிட்டதே?

பாதி சரி. 1987இல் பூத் வழக்கில், மரண தண்டனை வழக்குகளில் மட்டும் தடுத்தது. செத்தவரின் குடும்பம் எவ்வளவு உருக்கமாகப் பேசுகிறது என்பதால் கொன்றவனின் பழி அதிகமாகக் கூடாது என்பது அதன் வாதம். நாலே வருடத்தில், 1991இல், பெய்ன் வழக்கில் அந்தத் தடை போய்விட்டது. தாயையும் தங்கையையும் இழந்த சிறுவன் அவர்களைத் தேடி அழுகிறான் என்று பாட்டி சொன்ன சாட்சியம் அதில் ஏற்கப்பட்டது. ஆனால் என்ன தண்டனை வேண்டும் என்று குடும்பம் சொல்வதற்கான தடை நீங்கவில்லை. 2016இலும் அதையே உறுதிப்படுத்தினார்கள்.

பண்டாரவளை வாசகர்: என் தம்பிதான் எதிரி. அடிபட்டவர் ஒரு வாத்தியார், அழகாக எழுதுவார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரை அடித்திருந்தால் தண்டனை குறைந்திருக்குமோ?

இருக்கலாம். இந்த ஆட்சேபனைக்கு முழுப் பதிலை நான் எங்கும் பார்த்ததில்லை. பேச ஆளே இல்லாதவருக்கு நடந்த கொடுமை சின்னதாகிவிடுமா என்பதும் இதே கேள்விதான். நம் நாட்டில் பெரும்பாலும் ஜூரி இல்லை, பழகிய நீதிபதி என்பதால் ஆபத்து குறைவு என்பார்கள். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். உங்கள் சட்டத்தரணி அந்த அறிக்கையில் உள்ள விவரங்களை மறுக்கக் கேட்கலாம். ஆனால் அழுகிறவரைக் குறுக்குக் கேள்வி கேட்டால் நீதிபதிக்கு எரிச்சல் வரும் என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அப்போது சோதிக்கப்படாத பேச்சு அப்படியே நின்றுவிடும்.

பொகவந்தலாவை வாசகி: மன்னித்துவிட்டேன் என்று எழுதித் தரச் சொல்லித் தோட்டத்துப் பெரியவர்கள் அக்காவை நெருக்குகிறார்கள். எழுதினால் அவனை விட்டுவிடுவார்களா?

தீர்ப்பு மாறாது; தண்டனை அளவில் நீதிபதி அதைக் கவனிக்கக்கூடும். அக்கா தானாகவே மன்னித்தால் எழுதட்டும், இல்லாவிட்டால் வேண்டாம். எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. மிரட்டல் என்றால் அது தனிக் குற்றம், அதையும் உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.