பூனைப் படிவம்: கண், மூக்கு, முகம்

“என் பூனையின் அடையாள விவரங்களைப் படிவத்தில் நிரப்புகிறேன். ஒரு படத்தில் கண் பச்சை, இன்னொன்றில் மஞ்சள். மூக்கு பிங்க்கா கறுப்பா? முக வடிவத்துக்கு என்ன எழுதுவது? மூன்று படமும் போட்டிருக்கிறேன். – வெள்ளவத்தை”

முதல் படத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பளீர்ப் பச்சை கருமணிக்குள்ளிருந்து திரும்பி வரும் ஃபிளாஷ் ஒளி, கண்ணின் நிறமல்ல. கருமணியைச் சுற்றிய வளையத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது படத்தில் மஞ்சள் பல்ப் எரிகிறது, சுவர்கூட மஞ்சளாகத் தெரிகிறது, அதையும் நம்ப முடியாது. பால்கனியில் பகலில் எடுத்த மூன்றாவதில் கருமணி ஒரு கோடாகச் சுருங்கி, வளையம் முழுதாகத் தெரிகிறது: வெளிவிளிம்பு மஞ்சள், உள்ளே இளம்பச்சை. “மஞ்சள் கலந்த பச்சை” என்று எழுதுங்கள். குட்டி என்றால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருப்பேன், பிறந்த நீலம் மாற சில மாதங்கள் ஆகும். உங்களுடையது வளர்ந்த பூனை, பிரச்சினையில்லை.

மூக்கு இரண்டும்தான். நடுவில் செங்கல் நிறம், ஓரத்தில் கறுப்புக் கோடு. வரிப்பூனைகளில் இது சர்வசாதாரணம். “செங்கல் நிறம், கறுப்பு விளிம்பு” என்று எழுதினால் சரி.

முகத்துக்கு மட்டும் இன்னொரு படம் வேண்டும். போனை மூக்குக்கு நேரே நீட்டி எடுத்ததால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னுக்குப் போய், முகம் நீண்டு தெரிகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி, அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஸூம் பண்ணி எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.