பெருத்த பர்சாவும் சுருங்கிய பர்சாவும்: கம்போரோ தடுப்பூசி ஏன் பிடிக்கவில்லை?

கேள்வி: டாக்டர், என் பண்ணையில் 2000 கறிக்கோழிக் குஞ்சுகள். 14ஆம் நாள் குடிநீரில் கம்போரோ தடுப்பூசி (குப்பியில் இடைநிலை வகை என்று இருந்தது) கொடுத்தேன். 24ஆம் நாள் குஞ்சுகள் சாகத் தொடங்கின. இரண்டு மூன்று நாளில் சாவு உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. முதல் நாட்களில் செத்தவற்றை அறுத்தபோது பர்சா பெரிதாக வீங்கி, மேலே மஞ்சள் ஜெல்லி படிந்திருந்தது. ஒன்று கருந்திராட்சை போல இருந்தது. 31ஆம் நாள் சோர்ந்து நின்ற சிலவற்றை அறுத்தால் பர்சா மிகச் சிறியதாக, சாம்பல் நிறத்தில் இருக்கிறது. இவை இரண்டு வேறு நோய்களா? தடுப்பூசியே நோயைக் கொண்டுவந்ததா? அடுத்த பேட்ச்சுக்கு 7ஆம் நாளே போட்டுவிடலாமா? ஒரு நாள் வயதில் 20 குஞ்சுகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருளை அளந்த எலைசா அறிக்கையை இணைத்திருக்கிறேன்.

பதில்: நோய் ஒன்றுதான். நீங்கள் பார்த்தது அதன் இரண்டு தேதிகள். 7ஆம் நாள் யோசனையை இப்போதே கைவிட்டுவிடுங்கள். காரணத்தை உங்கள் அறிக்கையே சொல்கிறது, பின்னால் வருகிறேன்.

பர்சா என்பது எச்சத்துவாரத்துக்குள் இருக்கும் பைக்கு முதுகுப்புறமாக ஒட்டியிருக்கும் சிறு உறுப்பு. எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி அணுக்கள் குஞ்சுப் பருவத்தில் இங்கேதான் முதிர்கின்றன. கம்போரோ வைரஸ் குறிவைப்பது முதிர்ந்துகொண்டிருக்கும் அந்த அணுக்களையே. ஆகவே வைரஸ் நுழைந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பர்சாவின் அளவைக் கொண்டே ஓரளவு கணக்கிட முடியும். வைரஸ் தொற்றிய மூன்றாம் நாள் அது நீர்கோத்து வீங்கத் தொடங்குகிறது. நான்காம் நாள் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அப்போதுதான் வெளிப்புறத்தில் அந்த மஞ்சள் ஜெல்லி படிகிறது. மேற்பரப்பில் நீளவாக்கில் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. வெண்மையாக இருந்த உறுப்பு பாலேட்டு நிறத்துக்கு மாறுகிறது. வீரியம் மிகுந்த வைரஸாக இருந்தால் உள்ளும் புறமும் ரத்தம் கசிந்து முழுவதும் கருஞ்சிவப்பாகிவிடும். உங்கள் 'கருந்திராட்சை' அதுதான். ஐந்தாம் நாள் வீக்கம் வடிந்து பழைய அளவுக்குத் திரும்புகிறது. எட்டாம் நாள் வாக்கில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிச் சாம்பல் நிறம் அடைகிறது. சில குஞ்சுகளில் உள்ளே தயிர்க்கட்டி போன்ற அடைப்பும் இருக்கும்.

இதில் ஏமாற்றுவது அந்த ஐந்தாம் நாள். அன்று அறுத்தவர் பர்சா சரியான அளவில் இருப்பதைக் கண்டு கம்போரோ இல்லை என்று எழுதிவிடுவார். வெளியிலிருந்து அளவை மட்டும் பார்க்காமல் பர்சாவை இரண்டாக வெட்டி உள்மடிப்புகளையும் பாருங்கள். நலமான குஞ்சில் அவை வெளுத்துப் பளபளப்பாக இருக்கும். நோய் கண்டதில் ரத்தப் புள்ளிகளும் குழைவும் தெரியும். அளவில் சந்தேகம் வந்தால் அதே குஞ்சின் மண்ணீரலை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இந்த வயதில் பர்சா மண்ணீரலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

இனி தேதிகளைப் பொருத்துவோம். தொற்று ஏறிய மூன்றாம் நாளிலிருந்துதான் சாவு வரும். 24ஆம் நாள் முதல் சாவு என்றால் வைரஸ் 21ஆம் நாள் வாக்கில் உள்ளே போயிருக்கிறது. 24, 25ஆம் நாட்களில் வீங்கிய பர்சா, 31ஆம் நாளில், அதாவது தொற்றுக்குப் பத்தாம் நாளில், சுருங்கிய பர்சா. இரண்டும் ஒரே கணக்கில் வந்து உட்காருகின்றன. சட்டென்று ஏறி ஒரு வாரத்தில் இறங்கிவிடும் சாவும் இந்த நோயின் கையெழுத்துதான்.

ஆனால் பர்சாவை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. தொடைத் தசையிலும் மார்புத் தசையிலும் ரத்தக் கீற்றுகள் இருந்தனவா? சுரப்பி இரைப்பையும் அரைவைப்பையும் சேரும் இடத்தில் ரத்தப் பட்டை இருந்ததா? சிறுநீரகம் வெளிறி வீங்கியிருந்ததா? இவை சேர்ந்திருந்தால் ஐயம் மிகக் குறைவு. தசையில் மட்டும் ரத்தக் கீற்று என்றால் தீவனத்தின் பூஞ்சை நச்சையும் சல்ஃபா மருந்துகளையும் நினைக்க வேண்டும். ராணிக்கெட்டில் ரத்தக்கசிவு சுரப்பி இரைப்பையின் சுரப்பி முனைகளில் இருக்கும், சேருமிடத்துப் பட்டையாக அல்ல. உறுதி வேண்டுமென்றால், நோய் கண்ட முதல் ஓரிரு நாட்களில் உயிரோடு இருக்கும் குஞ்சின் பர்சாவை எடுத்துப் பாதியை 10 சதவீத ஃபார்மலினில் திசு ஆய்வுக்கும், மறு பாதியைக் குளிரில் வைத்து மரபணுப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். செத்து வெகுநேரமான குஞ்சு திசு ஆய்வுக்கு உதவாது. இந்த முறை அதற்குக் காலம் கடந்துவிட்டது.

தடுப்பூசியா நோயைக் கொண்டுவந்தது? இல்லை. 14ஆம் நாள் கொடுத்த தடுப்பு வைரஸ் இப்படிக் கொல்வதாக இருந்தால் 17, 18ஆம் நாட்களிலேயே கொன்றிருக்க வேண்டும். வீரியம் கூடிய தடுப்பூசிகள் பர்சாவைச் சற்று அரிப்பது உண்மைதான். ஆனால் அவை தசையில் ரத்தக்கசிவை உண்டாக்குவதில்லை, குஞ்சுகளைக் கூட்டமாகச் சாகடிப்பதில்லை. நடந்தது வேறு. நீங்கள் கொடுத்த தடுப்பூசி பெரும்பாலான குஞ்சுகளில் வேலை செய்யவே இல்லை.

தாய்க்கோழிக்கு நன்றாகத் தடுப்பூசி போட்டிருந்தால் அதன் எதிர்ப்பொருள் மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்கு வருகிறது. அது முதல் வாரங்களில் குஞ்சைக் காக்கிறது. அதே எதிர்ப்பொருள் நீங்கள் கொடுக்கும் உயிருள்ள தடுப்பு வைரஸையும் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அது எந்த அளவுக்கு இறங்கினால் தடுப்பூசி 'பிடிக்கும்' என்பது தடுப்பூசியின் வீரியத்தைப் பொறுத்தது. பரவலாகப் பயன்படும் ஓர் எலைசா முறையில் இடைநிலை வகைக்கு 125 என்றும், அதைவிட வீரியமான இடைநிலை பிளஸ் வகைக்கு 500 என்றும் கணக்கு வைக்கிறார்கள். இந்த எண்கள் எல்லா எலைசா கிட்டுக்கும் பொருந்தாது. உங்கள் ஆய்வகம் பயன்படுத்திய கிட்டுக்கும் குப்பியில் உள்ள தடுப்பூசிக்கும் உரிய எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். கீழே நான் 125, 500 என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கறிக்கோழிக் குஞ்சில் இந்த எதிர்ப்பொருள் ஏறக்குறைய 3 நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது. மெதுவாக வளரும் முட்டைக்கோழிக் குஞ்சில் 5.5 நாள் ஆகும்; அதனால் முட்டைக்கோழி அட்டவணையைக் கறிக்கோழிக்குப் பெயர்த்து எழுதக் கூடாது. முதல் 4 நாட்கள் மஞ்சள்கரு இன்னும் உறிஞ்சப்பட்டுக்கொண்டிருப்பதால் அளவு இறங்காது. நெதர்லாந்தின் டெவென்டர் நகரப் பெயரால் வழங்கும் சூத்திரம் இவ்வளவுதான்: எத்தனை முறை பாதியாக வேண்டும் என்று எண்ணி, மூன்றால் பெருக்கி, ரத்தம் எடுத்த வயதையும் அந்த நான்கு நாட்களில் மீதியையும் கூட்டுவது.

உங்கள் அறிக்கையின் 20 எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் 15ஆம் குஞ்சின் அளவு 4000. கூட்டத்தில் முக்கால் பங்கு இதற்குள் அடங்குவதால் இதையே அளவுகோலாகக் கொள்கிறோம். 4000 என்பது 125க்கு வர ஐந்து முறை பாதியாக வேண்டும். ஐந்து மூன்று பதினைந்து. ரத்தம் எடுத்த வயது 1, மீதி 3. ஆக 19ஆம் நாள். நீங்கள் கொடுத்த 14ஆம் நாளில் அந்தக் குஞ்சின் எதிர்ப்பொருள் ஏறக்குறைய 400 இருந்திருக்கும். தடுப்பு வைரஸ் உள்ளே போன வேகத்தில் அழிந்திருக்கும். அன்று தடுப்பூசி பிடிக்க ஒரு குஞ்சு முதல் நாளில் சுமார் 1250க்குள் இருந்திருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் அப்படி மூன்றே மூன்று. மற்றவை 21ஆம் நாளுக்குள் தாயின் பாதுகாப்பையும் பெரும்பாலும் இழந்து, தடுப்பூசியின் பாதுகாப்பும் இல்லாமல் நின்றன. வீரியமான வைரஸ் அந்த இடைவெளியில் நுழைந்தது. 7ஆம் நாள் கொடுத்திருந்தால்? அன்று அந்த 15ஆம் குஞ்சில் 2000 இருக்கும். ஒரு குப்பியைத் தரையில் ஊற்றுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

சரி, 19ஆம் நாள் இடைநிலை வகையைக் கொடுத்தால் தீர்ந்ததா? நான் பரிந்துரைக்க மாட்டேன். வீரியமான கள வைரஸ் 125 வரை காத்திருப்பதில்லை. அதைவிட அதிகமான எதிர்ப்பொருளையும் தாண்டி வந்துவிடும். உங்கள் கொட்டகையில் இப்போது அந்த வைரஸ் இருக்கிறது, காலியான கொட்டகையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் இடைநிலை பிளஸ் வகைதான் பொருந்தும். 4000 என்பது 500க்கு வர மூன்று பாதிகள் போதும்: ஒன்பதும் நான்கும் 13ஆம் நாள். தாய்வழி எதிர்ப்பொருளே இல்லாத குஞ்சுகளுக்கு மட்டும் இந்த வகையைக் கொடுக்காதீர்கள். பர்சா அதிகம் கெடும்.

உங்கள் அறிக்கையில் எனக்கு உறுத்துவது சராசரி அல்ல, சிதறல். கீழே 1000, மேலே 8000. இடைநிலை பிளஸ் கணக்கில் 1000 உள்ள குஞ்சுக்கு 7ஆம் நாளே தடுப்பூசி பிடிக்கும், 8000 உள்ளதற்கு 16ஆம் நாள்தான். வெவ்வேறு வயதுத் தாய்க்கோழிகளின் முட்டைகளைக் கலந்து பொரித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட பேட்ச்சுக்கு ஒற்றைத் தேதி ஒருபோதும் முழுவதும் சரியாக அமையாது. 13ஆம் நாள் ஒன்று, மேல்தட்டில் இருப்பவற்றைப் பிடிக்க ஐந்தாறு நாள் கழித்து இன்னொன்று என்று கொடுப்பது வழக்கம். ஒரே தாய்க்கூட்டத்துக் குஞ்சுகளைக் கேட்டு வாங்க முடிந்தால் இரண்டாவது வேளை தேவைப்படாமலே போகலாம்.

பொரிப்பகத்திலேயே ஊசியாகப் போடும், வான்கோழி ஹெர்பிஸ் வைரஸில் கம்போரோ மரபணுவை ஏற்றிய ஹெச்.வி.டி. வெக்டார் தடுப்பூசியும், எதிர்ப்பொருளோடு பிணைத்த தடுப்பூசியும் இந்தத் தேதிக் கணக்கைப் பெரும்பாலும் தவிர்க்கின்றன. குஞ்சுகளை அப்படி வாங்கினால், பண்ணையில் மேலும் ஒன்றைக் கொடுக்கும் முன் பொரிப்பகத்தாரிடம் பேசிவிடுங்கள்.

இப்போது கொட்டகையில் மிஞ்சியிருக்கும் கோழிகளின் பர்சா சுருங்கியிருப்பதால் மற்ற தடுப்பூசிகளுக்கும் அவை சரியாக எதிர்வினை காட்டாது. ராணிக்கெட் தடுப்பூசி பாக்கி இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சிறுநீரகம் பழுதுபட்டிருக்கக்கூடும் என்பதால் சல்ஃபா மருந்து வேண்டாம். பேட்ச் போனதும் ஆழ்கூளத்தை முழுவதும் அகற்றி, கழுவிக் காயவிட்ட பிறகே கிருமிநாசினி தெளியுங்கள். அழுக்கின் மேல் தெளித்த மருந்து இந்த வைரஸைத் தொடாது. ஃபார்மலின் அல்லது குளூட்டரால்டிஹைடு வகை நல்லது. கூளத்தில் வாழும் கருவண்டுகள் வைரஸைச் சுமந்து அடுத்த பேட்ச்சுக்குக் கொண்டுபோகும், அவற்றையும் ஒழிக்க வேண்டும். புதிய குஞ்சுகள் வந்த அன்றே மறுபடி 20 குஞ்சுகளில் ரத்தம் எடுங்கள். அந்த எண்கள் வேறாக இருந்தால் மேலே சொன்ன 13ஆம் நாளும் மாறிவிடும்.