கையில் அடித்த சத்தியம்

அன்புள்ள ஐயா,

நாலு வருஷத்துக்கு முன் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் இருந்தார். ஆக்ஸிஜன் மாஸ்க்கைத் தானே விலக்கிவிட்டு, ‘ஊர் வீட்ட விக்க மாட்டேன்னு கையில அடிச்சுச் சொல்லு’ என்றார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அத்தையும் சித்தப்பாவும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அடித்துச் சொன்னேன். இரண்டு நாளில் போய்விட்டார். அது அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் எழுதவில்லை. இப்போது பூட்டிக் கிடக்கிறது. அம்மா என்னோடு கோவையில் இருக்கிறார். இரண்டு முழங்காலுக்கும் ஆபரேஷன் செய்யவேண்டும், பணம் இல்லை. தம்பி விற்றுவிடலாம் என்கிறான். அத்தை ‘செத்தவனுக்குக் கொடுத்த வாக்கு’ என்று அழுகிறார். அந்த நிலைமையில் வாங்கிய சத்தியம் செல்லுமா? கேட்டவரே இல்லாதபோது நான் யாருக்குக் கட்டுப்பட்டவள்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

வழிப்பறிக்காரன் கழுத்தில் கத்தியை வைக்கிறான். வீட்டுக்குப் போய்ப் பணம் அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்து ஒருவன் உயிர் தப்புகிறான். அனுப்பவேண்டுமா? 1759இல் ஆடம் ஸ்மித் இந்தக் கேள்வியை எடுத்துப் பேசியிருக்கிறார், பொருளாதாரத்தின் பிதாமகர் என்கிறோமே, அவர்தான். சட்டப்படி அனுப்பவேண்டியதில்லை என்று ஒதுக்கிவிட்டு அவர் ஒன்று சொல்கிறார். அப்படிக் கொடுத்த வாக்குக்கும் கொஞ்சம் மரியாதை உண்டு, எவ்வளவு என்று விதி போட முடியாது. லட்சம் பவுண்டைத் திருடனுக்குத் தூக்கிக் கொடுத்து வாக்கைக் காப்பாற்றுகிறவனைப் பார்த்தால் சிரிப்போம். ஆனாலும் சொன்ன சொல்லை மீறியவனிடம், எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும், ஒரு சின்னக் கறை ஒட்டிக்கொள்கிறது.

கத்திக்கே இந்தக் கதி என்றால் உங்கள் அப்பாவின் மூச்சுத்திணறலுக்கு என்ன சொல்வது? திருடன் பயத்தைத் தானே உண்டாக்கி அதில் லாபம் பார்க்கிறான். உங்கள் அப்பா மூச்சுத்திணறலை வரவழைத்துக்கொள்ளவில்லை. உங்களை அழுத்தியது இரக்கம், கூடவே சுற்றி நின்ற உறவுக்கூட்டம். இரக்கத்தில் கொடுத்த வாக்கெல்லாம் செல்லாது என்றால் குடும்பத்துக்குள் கொடுத்த வாக்கில் பாதி தேறாது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. மிரட்டி வாங்கிய ஒப்பந்தம் தானாகவே செல்லாமல் போவதில்லை. மிரட்டப்பட்டவர் வேண்டாம் என்றால் ரத்து செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். அழுத்தம் விலகிய பிறகும் அவர் அதை ஏற்றதுபோல நடந்துகொண்டால் அப்புறம் பின்வாங்க முடியாது. (சட்டம் உங்கள் சத்தியத்தைச் சீண்டாது, அதில் கொடுக்கல் வாங்கல் இல்லை. யோசிப்பதற்கு உதவுகிறது என்பதால் சொல்கிறேன்.) கருமாதி முடிந்த மறுநாள் நீங்கள் அத்தையிடம் ‘அவர் மனசு ஆறட்டும்னுதான் சொன்னேன்’ என்று சொல்லியிருக்கலாம். நாலு வருஷம் சொல்லவில்லை. ஆகவே, மன்னியுங்கள், அந்தச் சத்தியம் செல்லும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் எவ்வளவு தூரத்துக்கு என்பது வேறு கேள்வி. வாக்குக் கொடுத்ததும் அந்த விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமை உங்கள் கையைவிட்டு அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது. நீங்கள் மனசு மாறினால் போதாது, அவர் ‘சரி, விடு’ என்று சொல்லவேண்டும். கடனைத் தள்ளுபடி செய்ய வாங்கியவனால் முடியாதே, அதுபோல. கேட்டவர் செத்தால் வாக்கும் போயிற்று என்று தம்பி நினைக்கலாம். நடப்பது நேர்மாறு. ‘விடு’ என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் போய்விடுகிறார். அம்மாவின் முழங்காலைப் பார்த்திருந்தால் உங்கள் அப்பா அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாரா, அதுதான் நீங்கள் கண்டுபிடிக்கவேண்டியது.

பீஷ்மரை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தியவதியின் அப்பா செம்படவத் தலைவர். என் மகள் வயிற்றுப் பிள்ளைக்குத்தான் அரசு என்று கேட்டார். தேவவிரதன் கொடுத்தான். உனக்குப் பிறக்கும் பிள்ளைகள் சண்டைக்கு வந்தால் என்றார். கல்யாணமே இல்லை என்று அதையும் கொடுத்தான். அந்த வாக்கு சத்தியவதியின் பிள்ளைகளுக்காக. பிறகு சித்ராங்கதன் போரில் செத்தான், விசித்திரவீரியன் வாரிசு இல்லாமல் நோயில் செத்தான். யாருக்காக அந்த வாக்கு வாங்கப்பட்டதோ அந்தச் சத்தியவதியே பீஷ்மரைக் கூப்பிட்டு, நீ அரசை எடுத்துக்கொள், வம்சத்தை வளர்த்துவிடு என்றாள். மண் தன் வாசனையை விட்டாலும் நான் சத்தியத்தை விடமாட்டேன் என்றார் பீஷ்மர். அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. வாக்கை வாங்கியவர் செம்படவர், சத்தியவதி அதனால் பலன் பெற்றவள் மட்டுமே, ஆகவே அவளால் முழுசாக விடுவிக்க முடியாது என்று வாதாடலாம். ஆனால் பீஷ்மர் அப்படி வாதாடவே இல்லை. என் சத்தியம் என்றுதான் பேசினார். அந்த இடத்தில் அது இன்னொருவருக்குக் கொடுத்த வாக்காக இல்லாமல் அவருடைய சொந்த விரதமாகிவிட்டது என்று நினைக்கிறேன். பலருக்கு இதில் கோபம் வரும். வரட்டும்.

எங்கள் பாட்டி இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில் மஞ்சள் துணியில் முடிந்த ஒற்றை ரூபாய் கிடைத்தது. யாருக்கு உடம்பு சரியாக என்ன நேர்ந்துகொண்டாரோ, ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா அதை அவிழ்க்காமல் பழனிக்குக் கொண்டுபோய் உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். முழு நேர்த்திக்கடனும் தீர்ந்ததா என்று கேட்டதற்கு, ‘அவங்க கேட்டிருந்தா இதுக்கே சரின்னிருப்பாரு’ என்றார். அவங்க என்றது பாட்டியை, ஒத்துக்கொண்டது முருகன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உயில் இல்லாமல் இறந்த அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம், 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அம்மாவுக்கும் தம்பிக்கும் உங்களுக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இல்லையென்றால் மூன்றில் ஒன்றுதான் உங்களுடையது. அந்த ஒன்றைப் பற்றித்தான் நீங்கள் சத்தியம் செய்ய முடியும். அம்மாவின் பங்கை அம்மாவுக்கே உதவாமல் பூட்டிவைக்க அப்பாவுக்கும் நீங்கள் வாக்குக் கொடுத்திருக்க முடியாது, அது உங்கள் கையில் இல்லாத பொருள். ஆனால் முழு வீட்டை வாங்க வருகிறவர் மூன்று கையெழுத்தும் கேட்பார். நீங்கள் போடாவிட்டால் மற்ற இருவரும் பாகப்பிரிவினை வழக்கு என்று அலையவேண்டும். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அம்மாவின் சொத்தை முடக்கும் ஆயுதமாக மாறிவிடும்.

அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். விற்கலாமா என்று கேட்காதீர்கள், அவர் உங்களுக்காகத் தலையாட்டிவிடுவார். அந்த வீட்டைப் பற்றி அப்பாவுக்கு என்ன பயம் இருந்தது என்று கேளுங்கள். தம்பி பணத்தைத் தொலைத்துவிடுவான் என்றா, அம்மாவுக்குக் கடைசியில் தங்க இடம் இருக்காது என்றா, வீட்டில் ஒரு விளக்குகூட எரியாது என்றா? இரண்டாவது என்றால் வீட்டை விற்று அம்மா பேரில் பணத்தைப் போட்டு முழங்காலைச் சரிசெய்வதுதான் அந்தச் சத்தியத்தை நிறைவேற்றுவது. மூன்றாவது என்றால் கஷ்டம். உங்கள் பங்கை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளும்படி மனை இருக்கிறதா என்று ஒரு சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள்.

எதுவானாலும் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் அத்தை வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். போனில் வேண்டாம். திட்டுவார். அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் கணக்குக் கேட்க அவருக்கும் உரிமை இருக்கிறது.