தினசரிக் கோப்பின் வடிவம் சொல்லாமல் மாறுகிறது: சப்ளையருக்கு என்ன எழுதுவது?

> "மருந்து சப்ளையர் தினமும் அனுப்பும் சிஎஸ்வியில் திடீரென ஒரு நெடுவரிசை கூடிவிட்டது, இருப்பு எல்லாம் தப்பாக ஏறிவிட்டது. சண்டை போடாமல் எப்படிக் கேட்பது?"

நடந்ததை ஒரு உதாரணத்தோடு காட்டி, எத்தனை நாள் முன்பு தெரிய வேண்டும் என்று எண்ணாகக் கேளுங்கள். இப்படி:

"வணக்கம். இன்றைய கோப்பில் நான்காவது நெடுவரிசையாக hsn_code புதிதாக வந்துள்ளது. அதனால் 40 அட்டை பாராசிட்டமால் எங்களிடம் 3004 அட்டை என்று பதிவானது. இனி நெடுவரிசையோ தேதி வடிவமோ மாறுவதாக இருந்தால் 7 வேலை நாள் முன்பே தெரிவித்து, பத்து வரி மாதிரிக் கோப்பும் அனுப்புங்கள். புதிய நெடுவரிசையைக் கடைசியில் சேர்த்தால் உதவியாக இருக்கும்."

பெரும்பாலும் அங்கே யாரோ ரிப்போர்ட் திரையில் ஒரு டிக் போட்டிருப்பார். அந்தக் கோப்பை ஒரு நிரல் படிக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. அதனால் விற்பனைப் பிரதிநிதிக்கு மட்டும் அனுப்பாமல், கோப்பைத் தயாரிப்பவருக்கும் போகட்டும்.

அனுப்பும் முன் இரண்டு நாள் தலைப்பு வரியை ஒப்பிட்டுப் பாருங்கள்:

```
diff <(head -1 netru.csv) <(head -1 indru.csv)
```

வித்தியாசம் எதுவும் வராவிட்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அப்புறம், அவர்கள் சரி என்றாலும் ஒருநாள் மறப்பார்கள். தலைப்பு மாறினால் கோப்பை ஏற்றாமல் நிறுத்தும்படி உங்கள் பக்கமும் வையுங்கள். ஆனால் 05-06 என்ற தேதி நாள்-மாதம் இடம் மாறி வந்தால் தலைப்பில் ஒன்றும் தெரியாது. 13 ஆம் தேதி வரும்போதுதான் பிடிபடும்.