நாய் காணேல்ல, பிள்ளைக்கு ஒப்பரேசன்: ஷெயார் பண்ண முதல் கேளுங்கோ

பரந்தன் அக்கா: கிளிநொச்சியில நாய் ஒண்டு காணேல்லயாம், ரெண்டு குரூப்பில வந்திட்டுது. பாவமாக் கிடக்கு, ஷெயார் பண்ணட்டோ?

பொறுங்கோ அக்கா. அதை நானும் பாத்தன். எழுத்தெல்லாம் விட்டிட்டு நாயை மட்டும் வெட்டி கூகிள் லென்ஸில போட்டன், முதல்ல அதே சாதி நாய்கள்தான் வரிசையா வரும், அது உதவாது, "Exact matches" எண்டதை அமத்தோணும். அதே நாய், அதே சிவப்புப் பட்டி, ஆனா முழுப்படத்தில காலடியில பனி குவிஞ்சு கிடக்கு. கிளிநொச்சியில எங்க பனி! போஸ்டர் செய்த ஆள் கீழ்ப்பக்கத்தை வெட்டிப்போட்டார். tineye.com இல போட்டு "Oldest" எண்டு அடுக்கினா படம் அந்தத் தளத்துக்கு முதல் எப்ப அம்பிட்டது எண்டும் பாக்கலாம்.

மாங்குளம் தம்பி: காசு ஒண்டும் கேக்கேல்லயே அண்ணை, பொய் சொல்லி என்ன லாபம்?

உங்கட ஷெயார்தான் லாபம். நூறு பேர் பகிர்ந்த பிறகு அதே பதிவை மாத்தி வீடு வாடகைக்கு, முற்பணம் போடுங்கோ எண்டு எழுதுவினம், உங்கட பேரில போனது அப்பிடியே நிக்கும். கொமென்ட் பூட்டிக்கிடந்தா யோசியுங்கோ. பேஸ்புக்கில மூண்டு புள்ளியை அமத்தி "View edit history" பாருங்கோ.

வவுனியா மாணவன்: பிள்ளைக்கு ஒப்பரேசன், காசு போடுங்கோ எண்டு வாற படம் ஏஐ படமெண்டா விரலை எண்ணினாக் காணும், ஆறு இருக்கும்.

அது பழைய கதை தம்பி, இப்ப விரல் ஒழுங்கா வருது. நான் பாக்கிறது கட்டிலுக்குப் பின்னால இருக்கிற வார்ட் போர்டை. தமிழும் சிங்களமும் மாதிரி இருக்கும், வாசிச்சா ஒரு சொல்லும் வராது. ஆனா வாட்ஸப்பில நாலு கை மாறின உண்மைப் படத்திலயும் எழுத்து கலங்கும், அதால அதை மட்டும் வச்சு முடிவெடுக்கேலாது. லென்ஸில ஒண்டும் அம்பிடேல்ல எண்டாலும் உண்மை எண்டில்லை, நேற்றுச் செய்த படத்துக்குப் பழைய பிரதி எங்கால வரும்?

முள்ளியவளை ஐயா: தம்பியின்ர மகன்ர ஒப்பரேசனுக்கு உண்மையாக் காசு சேத்தம், பெடி சுகமாகிப் பள்ளிக்கூடம் போறான். போஸ்டர் இன்னும் சுத்துது, கணக்கு நம்பர் எங்கட இல்லை!

இதில படமும் உண்மை, பிள்ளையும் உண்மை ஐயா, லென்ஸ் பிடிக்காது. வங்கிக்கு அந்த நம்பரைச் சொல்லுங்கோ, உங்கட பழைய பதிவில காசு சேந்து முடிஞ்சுது எண்டு மேல எழுதுங்கோ. பாக்கிற ஆக்கள் அந்த ஊர் விதானையாருக்கு எடுக்கோணும், போஸ்டரில இருக்கிற நம்பருக்கில்லை, பிரதேச செயலகத்தில கேட்டு வாங்கின நம்பருக்கு.

முள்ளியவளை ஐயா: விதானையார் போன் எடுத்தாத்தானே!

அதுவும் உண்மைதான்.

முறிகண்டி அண்ணை: அப்ப என்ர மாடு காணேல்ல எண்டு போடக்கூடாதோ?

போடுங்கோ அண்ணை. திகதியையும் இடத்தையும் படத்துக்கு மேலயே எழுதுங்கோ. ஆனா குறி சுட்ட பக்கம் படத்தில தெரியாமப் பாத்துக்கொள்ளுங்கோ. மாடு என்னட்டை நிக்குது, லொறிக்குக் காசு போடு எண்டு ஆரும் எடுத்தா, குறி என்னெண்டு கேளுங்கோ.