மேனேஜரின் நம்பர் பறிபோனால் முதலில் எதைச் செய்வது?

கேள்வி: எங்கள் மேனேஜரின் நம்பரை யாரோ சிம் ஸ்வாப் செய்து, அதாவது அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கி, எடுத்துவிட்டார்கள். ஆபீஸ் ஜிமெயில் உட்பட எல்லாவற்றுக்கும் அதுதான் ரெகவரி நம்பர். டூப்ளிகேட் சிம் வாங்கி, பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா?

போதாது. பாஸ்வேர்டை மாற்றுவது முதல் வேலையும் இல்லை. கஸ்டமர் கேரை அழைத்து நம்பரை முடக்கச் சொல்வதுதான் முதல் வேலை. நம்பர் திருடனிடம் இருக்கும்வரை நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும், ரெகவரி வழியாக அவன் மறுபடி நுழைய முயல்வான்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் ஐடி வேலையைப் பார்க்கிறேன். எங்கள் மேனேஜருக்கும் இதுதான் நடந்தது. சாயங்காலம் போனில் சிக்னல் போனது. பக்கத்து மேஜையில் அதே நெட்வொர்க் நன்றாக வேலை செய்தது. வேறு போனிலிருந்து அவர் நம்பரைக் கூப்பிட்டால் ரிங் போகிறது, இவர் போனில் சத்தமில்லை. இது சிம் ஸ்வாப் என்று அப்போதே தெரிந்துவிட்டது. (சிக்னல் இருந்து, அழைப்பு மட்டும் வரவில்லை என்றால் அது கால் ஃபார்வர்டிங்காக இருக்கலாம். `##002#` டயல் செய்து ரத்து செய்யலாம்.)

வேறு போனிலிருந்து கஸ்டமர் கேருக்குப் பேசியபோது, "புது சிம் வேண்டும்" என்று கேட்கவில்லை. "சிம் மாற்றம் நாங்கள் கேட்கவில்லை, நம்பரை உடனே முடக்குங்கள்" என்று கேட்டு, புகார் எண் வாங்கிக்கொண்டோம். இந்தியாவில் சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. இதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது, ஏனென்றால் திருடனுக்கு அழைப்புகள் வரும். ஓடிபியைக் குரலில் சொல்லும் வசதி பல இடங்களில் இருக்கிறது. அந்த எஸ்எம்எஸ் தடை உங்கள் டூப்ளிகேட் சிம்முக்கும் உண்டு. எஸ்எம்எஸ் ஓடிபி வந்ததும் மற்றதைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும்.

அதே நேரத்தில் மேனேஜர் வங்கியை அழைத்து நெட்பேங்கிங், யுபிஐ இரண்டையும் நிறுத்தினார். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே பேச வேண்டும்.

அடுத்தது மெயில். எங்களுடையது கூகுள் வொர்க்ஸ்பேஸ். மேனேஜரைத் தவிர நானும் சூப்பர் அட்மின் என்பதால் தப்பித்தோம். அட்மின் கன்சோலில் அவர் பெயரைத் திறந்து, ரெகவரி போனையும் ரெகவரி மெயிலையும் நீக்கினேன். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, "Reset sign-in cookies" அழுத்தினேன். திருடன் எங்காவது லாகினில் இருந்தால் இதில் வெளியே தள்ளப்படுவான். டூ-ஸ்டெப் பட்டியலில் லாகினை உறுதிசெய்யும் சிறு கருவியான செக்யூரிட்டி கீ, நமக்குத் தெரியாதது எதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மேனேஜரின் சொந்த ஜிமெயிலுக்கு அட்மின் கிடையாது. ஏற்கனவே லாகின் ஆகியிருந்த அவர் லேப்டாப்பில் myaccount.google.com திறந்து நம்பரை நீக்கினோம். ஆனால் ரெகவரி நம்பரை மாற்றினாலும், பழைய நம்பருக்கே கோடு அனுப்பும் வழியை 7 நாள் வரை கூகுள் திறந்து வைத்திருக்கலாம். திருடன் நம்பரை மாற்றியிருந்தால் அது உங்களுக்கு உதவும்; நம்பரே அவனிடம் இருந்தால் அவனுக்கு உதவும். கஸ்டமர் கேரை முதலில் அழைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

இதோடு முடிந்தது என்றுதான் பலர் நினைப்பார்கள். அவன் உள்ளே இருந்தபோது என்ன விட்டுப்போனான் என்று தேட வேண்டும். ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங், உங்கள் மெயிலை இன்னொருவர் திறக்க அனுமதிக்கும் டெலிகேட் மூன்றையும் திறந்து பாருங்கள். எங்களுக்கு ஒரு ஃபில்டர் கிடைத்தது: "invoice" என்ற சொல் உள்ள மெயில்கள் எல்லாம் "Skip the Inbox", கூடவே படித்ததாகக் குறித்துவிடும். அதாவது வாடிக்கையாளர் பணம் பற்றிக் கேட்டு எழுதினால் மேனேஜர் கண்ணில் படாது. அவர் பெயரில் இவன் பதில் போடுவான். பாஸ்வேர்டை மாற்றினாலும் ஃபில்டர் அப்படியே இருக்கும். அதை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டோம், cybercrime.gov.in புகாரோடு கொடுக்க அதுவும் லாகின் பதிவுகளும் உதவின.

Sent, Trash இரண்டையும் புரட்டினால், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஒரு மெயில் போயிருந்தது. மெயிலில் மறுப்பு எழுதவில்லை, எது யாருடையது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பழைய பில்லில் இருந்த நம்பருக்குப் போன் செய்து சொன்னோம். நல்லவேளை, இன்னும் பணம் அனுப்பவில்லை.

வாட்ஸ்அப்பை, நம்பர் திரும்பியதும் குரல் அழைப்புக் கோடு வைத்துப் பதிவு செய்யுங்கள். மறுபக்கம் தானாக லாக் அவுட் ஆகும். திருடன் டூ-ஸ்டெப் பின் வைத்திருந்தால், உள்ளே போக 7 நாள் காத்திருக்க நேரும்.

நம்பர் கைக்கு வந்த பிறகும் அதை ரெகவரியில் திரும்பச் சேர்க்கவில்லை. இப்போது ஆதன்டிகேட்டர் ஆப், இரண்டு செக்யூரிட்டி கீ, அச்சடித்த பேக்கப் கோடுகள். ஒரு கீ மேனேஜரிடம், இன்னொன்று அக்கவுண்ட்ஸ் பீரோவில். அட்மின் வேலைக்கு அவர் தினசரி மெயிலைப் பயன்படுத்துவதையும் நிறுத்திவிட்டோம். அதற்குத் தனி அக்கவுண்ட் இருக்கிறது, அதில் எந்தப் போன் நம்பரும் இல்லை.