பாக்கெட் ஜூஸில் எது நிஜப் பழச்சாறு, எது சர்க்கரை கலந்த பானம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பக்கப் பழப் படத்தை விட்டுவிட்டுப் பாக்கெட்டைத் திருப்புங்கள். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். நீங்களும் குழந்தைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் என் கதையைச் சொல்கிறேன்.

மகளுக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்து எதுவும் சாப்பிடாமல் கிடந்தாள். மாம்பழ ஜூஸ் மட்டும் இறங்கியது. காய்ச்சல் போன பிறகும் தினம் ஒரு 200 மி.லி. பாக்கெட் என்று அது தொடர்ந்தது. பழம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து இரண்டு பற்களில் சொத்தை. பல் டாக்டர் அந்தக் காலிப் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லி, பின்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். தண்ணீர், சர்க்கரை, மாம்பழக் கூழ் 15%, அப்புறம் அமிலத்தன்மை சீராக்கி, நிறம், சுவையூட்டி. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஃப்ரூட் டிரிங்க்' என்று இருந்தது. ஜூஸ் என்று எங்குமே இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 100 மி.லி.க்குச் சர்க்கரை 13 கிராம். அதில் இருக்கும் 15 கிராம் கூழிலிருந்து வருவது சுமார் 2 கிராம்தான், மீதி 11 கிராம் கொட்டியது. பாக்கெட் முழுவதற்கும் 22 கிராம், அதாவது ஐந்து டீஸ்பூனுக்கு மேல். பழம் போதுமான அளவு இருந்தால் மாம்பழ வாசனையைத் தனியாகச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லையே!

முதலில் தண்ணீர் இருந்தாலே போலி என்றும் சொல்ல மாட்டேன். 'தண்ணீர், ஆரஞ்சுச் சாறு செறிவு' என்று மட்டும் போட்டு, வேறு எதுவும் சேர்க்காமல் இருந்தால் அது சாறுதான். சுண்டவைத்த சாற்றில் எடுத்த தண்ணீரைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். சந்தேகப்பட வேண்டியது தண்ணீருக்குப் பக்கத்தில் சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ இருந்தால். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பதையும் முழுசாக நம்பாதீர்கள். மாதுளைப் படம் போட்டுவிட்டு, உள்ளே பெரும்பகுதி இனிப்புக்காக ஆப்பிள், திராட்சைச் செறிவாக இருக்கலாம். எந்தப் பழம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

நிஜச் சாற்றிலும் சர்க்கரை உண்டே என்று யாராவது வருவார்கள். உண்டு, ஆரஞ்சில் 100 மி.லி.க்கு 8 கிராம் அளவுக்கு. பல்லுக்கு அதுவும் நல்லதில்லை, அதனால் இப்போது பழமாகவே கொடுக்கிறேன். பானமே குடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, பழம் என்று நம்பிக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்தச் சொத்தைக்கு, நான் வேலைக்குப் போவதுதான் காரணம் என்று கணவர் வீட்டில் பேசினார்கள். வரும்போதெல்லாம் அதே பாக்கெட்டை ஆறு ஆறாக வாங்கி வந்ததும் அவர்கள்தான். அது இன்னும் மனதில் கிடக்கிறது.